73 பேரில் 61 பேர்

முதுகலை இரண்டாம் ஆண்டில் ஆய்வு முறையியல் பாடத்துக்காக எங்களை இருவர் இருவராகப் பிரித்துவிட்டார்கள். நான் புள்ளியியல் பக்கம். என்னோடு ஜோடி சேர்ந்தவள் நேர்காணல், களக்குறிப்பு என்று அலைகிறவள். எங்களுக்குக் கிடைத்த தலைப்பு, 1854-இல் லண்டனில் வந்த காலராவும் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் அதை ஆராய்ந்த விதமும். அவர் தந்த சான்றுகளில் எது உங்களை ஏற்க வைக்கிறது, ஏன் என்று நான்கு பக்கம் எழுத வேண்டும். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். மூன்று வாரம் ஆனது. காரணம், நான் எழுதிய முதல் வாக்கியம்.

"காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதை ஸ்நோ அளவுசார் ஆய்வின் மூலம் அறிவியல்பூர்வமாக நிறுவினார்."

அவள் பென்சிலை எடுத்து 'அறிவியல்பூர்வமாக' என்ற சொல்லை மட்டும் அடித்தாள்.

"ஏன், அதில் என்ன தப்பு?"

"அதை நீ அந்த இடத்தில் போட்டால், அவர் செய்த மற்றதெல்லாம் வெறும் கதை என்று ஆகிவிடும்."

"கதைதானே? ஒரு விதவை இறந்தாள், ஒரு பீர் ஆலையில் யாரும் இறக்கவில்லை... கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சான்று என்றால் அட்டவணைதான்."

அப்புறம் அந்த அட்டவணையை அவள் முன்னால் எடுத்துப் போட்டேன். இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். தெற்கு லண்டனில் பல தெருக்களில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் அக்கம்பக்கமாக ஓடின. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி, நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்திலேயே தேம்ஸ் நதியில் தண்ணீர் எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-இல் நகரத்துக்கு மேலே, சாக்கடை எட்டாத இடத்துக்கு மாறிவிட்டது. 1854-இல் காலரா வந்த முதல் ஏழு வாரங்களில் முதல் கம்பெனியின் 40,046 வீடுகளில் 1,263 சாவுகள். அதாவது 10,000 வீடுகளுக்கு 315. லாம்பெத்தின் 26,107 வீடுகளில் 98 சாவுகள். 10,000 வீடுகளுக்கு 37.

"எட்டு மடங்குக்கு மேல்," என்றேன். "ஒரே தெரு, ஒரே காற்று, பணக்காரர் ஏழை எல்லாம் கலந்து. தண்ணீர் மட்டும் வேறு. இதற்கு மேல் யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும்?"

அவள் அமைதியாகக் கேட்டாள். "எந்த வீட்டில் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எட்டு மடங்கை மனப்பாடம் செய்தவன் அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்கவே இல்லை.

அன்று மாலை இருவரும் சேர்ந்து படித்தோம். சாவு நடந்த வீடுகளின் முகவரிகள் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கிடைத்தன. ஸ்நோ வீடு வீடாகப் போய்க் கேட்டார். பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் தண்ணீர் எந்தக் கம்பெனியுடையது என்றே தெரியவில்லை. வாரக் கூலி போல வாரவாடகை கொடுத்துக் குடியிருப்பவர்கள். தண்ணீர்க் கட்டணம் கட்டுவது வீட்டுக்காரரோ அவருடைய முகவரோ. அதனால் ஸ்நோ ஒரு வழி கண்டுபிடித்தார். தேம்ஸில் கீழே எடுத்த தண்ணீரில் உப்பு அதிகம். சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளையாகத் திரியும். ஒரு கேலனுக்கு 37.9 கிரெயின் உப்பு ஒன்றில்; மற்றதில் 0.95 கிரெயின்தான். ஏறத்தாழ நாற்பது மடங்கு வித்தியாசம் என்பதால் குழப்பத்துக்கு இடமே இல்லை. சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து, மேலே முகவரி எழுதி, வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சோதித்தார்.

"பார்த்தாயா!" என்று குதித்தேன். "கேட்டுப் பார்த்தார், பதில் கிடைக்கவில்லை. அளந்து பார்த்தார், கிடைத்தது. உன் நேர்காணல் தோற்ற இடத்தில் என் அளவீடு ஜெயித்திருக்கிறது."

"கேட்கப் போனதால்தானே, கேட்டால் தெரியாது என்பதே அவருக்குத் தெரிந்தது? உன்னிடம் விட்டால் 'உங்கள் தண்ணீர்க் கம்பெனி எது?' என்று படிவம் அடித்து, இரண்டு கட்டம் போட்டு, டிக் வாங்கிக்கொண்டு வந்திருப்பாய். ஏதோ ஒன்றில் எல்லோரும் டிக் போட்டிருப்பார்கள்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் துறையில் நடப்பதே அதுதான். கட்டம் இருந்தால் மனிதர்கள் நிரப்பிவிடுவார்கள். நிரப்பியதை நாம் தரவு என்போம்.

மறுநாள் அவள் வில்லியம் ஃபார் என்பவரைக் கொண்டுவந்தாள். இங்கிலாந்துப் பதிவாளர் அலுவலகத்தின் புள்ளியியலாளர், அந்தக் காலத்தில் அந்தத் துறையின் பெரிய ஆள். ஸ்நோவுக்குச் சாவுப் பட்டியல் கிடைத்ததே அந்த அலுவலகத்திலிருந்துதான். 1849-இல் வந்த காலராவை ஃபார் ஆராய்ந்தார். தேம்ஸ் மட்டத்திலிருந்து ஒரு வட்டாரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு குறைவாக அங்கே காலரா சாவு என்று கண்டார். சும்மா பொதுவாகச் சொல்லவில்லை. உயரத்தைப் போட்டால் சாவு விகிதம் வரும்படி ஒரு சூத்திரம் அமைத்தார். அது கணக்கிட்டுத் தந்த எண்களும் உண்மை எண்களும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. தாழ்வான இடத்தில் கெட்ட காற்று தேங்கும், அதுதான் நோய் என்ற அன்றைய கொள்கைக்கு அது பலமான ஆதாரமாக ஆனது.

"உன் பாணியில் சொன்னால், அருமையான பொருத்தம்," என்றாள். "ஆனால் காரணம் தவறு."

தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது எனக்குக் கடினமாக இல்லை. தாழ்வான வட்டாரங்கள்தான் நதியின் கீழ்ப்பகுதியில் எடுத்த அழுக்குத் தண்ணீரைக் குடித்தன. உயரமும் தண்ணீரும் கைகோத்து நடந்தன. ஃபார் உயரத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாறிகள் இப்படிச் சேர்ந்தே நகரும்போது எண்களுக்குள்ளேயே தேடினால் எது காரணம் என்று பிரிக்க முடியாது. பொருத்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லாது. (ஃபாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1866-இல் கிழக்கு லண்டனில் மறுபடி காலரா வந்தபோது தண்ணீர்தான் காரணம் என்று ஆராய்ந்து சொன்னவர்களில் அவரும் ஒருவர். தன் பழைய சூத்திரத்தை விட்டுக்கொடுக்கும் புள்ளியியலாளர்கள் அதிகம் இல்லை.)

"சரி, இது எண்களுக்கு எதிரான வாதம் இல்லை," என்றேன். "எண்களை மோசமாக வாசிப்பதற்கு எதிரான வாதம்."

"நானும் எண்களுக்கு எதிராகப் பேசவில்லையே. 'அறிவியல்பூர்வமாக' என்ற சொல் எண்களின் தனிச்சொத்து இல்லை என்று மட்டும்தான் சொல்கிறேன்."

இந்த இடத்தில் விவாதம் முடிந்திருக்கலாம். நாகரிகமானவர்கள் என்றால் முடித்திருப்பார்கள். ஆனால் நான் அவள் பக்கத்துச் சான்றைப் பிரித்துப் பார்க்காமல் விடுவதாக இல்லை.

அவள் பக்கம், பிராட் தெரு. 1854 ஆகஸ்ட் 31 இரவு அந்தத் தெருவைச் சுற்றி காலரா வெடித்தது. ஸ்நோவுக்குத் தெருவில் இருந்த பம்பின் மேல் சந்தேகம். அந்த வாரக் கடைசி மூன்று நாட்களில் பதிவான 83 சாவுகளின் விவரம் வாங்கினார். பத்தைத் தவிர மற்ற 73 சாவுகளும் அந்தப் பம்பு பக்கத்தில் இருந்த வீடுகளில். அந்த 73 பேரில் 61 பேர் பம்புத் தண்ணீரை எப்போதும் அல்லது எப்போதாவது குடித்தவர்கள் என்று வீட்டார் சொன்னார்கள். ஆறு பேர் குடிக்கவில்லை என்றார்கள். ஆறு பேரைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை. இன்னொரு பம்புக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பத்துச் சாவுகளில் ஐந்து குடும்பங்கள், பிராட் தெருத் தண்ணீர் பிடித்துப்போய் அங்கிருந்தே ஆள் அனுப்பி எடுத்தவர்கள். மூன்று பேர் அந்தப் பம்புக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன குழந்தைகள்.

"73-க்கு 61. இது போதாதா?" என்றாள்.

"போதாது."

"ஏன்?"

"இறந்தவர்களைப் பற்றி மட்டும்தான் கேட்டிருக்கிறார். அந்தத் தெருவில் இறக்காதவர்களில் எத்தனை பேர் அதே தண்ணீரைக் குடித்தார்கள்? நூற்றுக்கு 84 பேர் குடித்திருந்தால், இறந்தவர்களிலும் 84 சதவீதம்தான் குடித்திருப்பார்கள். 73-க்கு 61 என்பதும் 84 சதவீதம்தான். அப்போது உன் பம்பு நிரபராதி."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. காகிதத்தில் நான்கு கட்டம் வரைந்தாள். குடித்தவர், குடிக்காதவர், நோயுற்றவர், நோயுறாதவர். ஸ்நோவின் 61, ஆறு இரண்டையும் ஒரு வரிசையில் போட்டாள். அடுத்த வரிசை காலியாக நின்றது. அந்தக் காலியிடத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் சொன்னாள்: "அதனால்தான் அவருக்கு விதவை தேவைப்பட்டாள்."

அந்த விதவையின் வயது 59. ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்தாள், பிராட் தெருப் பக்கமே பல மாதங்களாக வரவில்லை. ஆனால் முன்பு குடித்த அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் ஒரு பெரிய புட்டியில் அங்கிருந்து வரவழைத்துக் குடித்தாள். செப்டம்பர் 2 அன்று காலராவில் இறந்தாள். அவளைப் பார்க்க வந்த உறவுப் பெண்ணும் அதே தண்ணீரைக் குடித்தாள், இஸ்லிங்டனில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள், அவளும் இறந்தாள். ஹாம்ப்ஸ்டெட்டிலும் சரி, இஸ்லிங்டனின் அந்தப் பகுதியிலும் சரி, அப்போது காலரா இல்லை.

"ஒரே ஒருத்தி," என்றேன். என் குரலில் பழைய உறுதி இல்லை.

"ஒருத்திதான். ஆனால் எங்கே இருந்த ஒருத்தி என்று பார். காற்றுதான் காரணம் என்றால் ஹாம்ப்ஸ்டெட்டில் அவள் செத்திருக்கவே கூடாது. தெருவுக்குள் நூறு பேரைக் கேட்டாலும் காற்றையும் தண்ணீரையும் பிரிக்க முடியாது. எல்லோரும் இரண்டையும் உள்ளே எடுத்தவர்கள். தண்ணீர் மட்டும் போய்ச் சேர்ந்த ஓர் ஆள் வேண்டும். காற்று மட்டும் போய்ச் சேர்ந்த சிலர் வேண்டும். அவர் அதைத்தான் தேடிப் போனார்."

காற்று மட்டும் போய்ச் சேர்ந்தவர்களும் கிடைத்தார்கள். போலண்ட் தெருவில் ஏழைகளை வைத்திருந்த விடுதி. 535 பேர் இருந்தார்கள், ஐந்து பேர்தான் இறந்தார்கள். சுற்றியுள்ள தெருக்களின் கணக்குப்படி நூறு பேருக்கு மேல் இறந்திருக்க வேண்டும். விடுதிக்குள் தனிக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த பீர் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது. பம்புப் பக்கம் போகும் வேலையே இல்லை.

இதில் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். எங்கள் பாடத்தில் பொதுப்போக்குக்கு ஒத்துவராத புள்ளியை விலகல் என்போம். முதலில் தோன்றுவது அதை நீக்கிவிடலாமா என்பதுதான். அவள் பாடத்தில் விலகி நிற்கிற ஆளைத்தான் முதலில் போய்ப் பார்ப்பார்களாம். விதவையை என் கையில் கொடுத்திருந்தால், 'வட்டாரத்துக்கு வெளியே' என்று குறித்து, கோப்பிலிருந்து தூக்கியிருப்பேன். சத்தியமாகத் தூக்கியிருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்நோ காட்டிய அந்த விதவை யாரையும் நம்ப வைக்கவில்லை. அரசு சுகாதார வாரியத்தின் அறிவியல் குழு பிராட் தெருச் சான்றைப் பார்த்துவிட்டு, இதை ஏற்கக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று ஒதுக்கியது. பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்று கதையாகச் சொல்வார்கள். செப்டம்பர் 8-இல் கழற்றும் முன்பே சாவு குறைந்துகொண்டிருந்தது, மக்கள் தெருவைக் காலி செய்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்நோவே அதை எழுதியிருக்கிறார்.

நான்கு கட்டத்தில் காலியாக நின்ற வரிசையை நிரப்பியவர் வேறொருவர். ஹென்றி வைட்ஹெட் என்ற உதவிப் பாதிரியார், அந்த வட்டாரத்துக்காரர். ஸ்நோ சொன்னதை அவர் நம்பவில்லை. தவறென்று காட்டத்தான் இறங்கினார். தெருவில் எல்லோரையும் அவருக்குத் தெரியும். இறந்தவர் வீடுகளுக்கு மட்டுமல்ல, பிழைத்தவர் வீடுகளுக்கும், நோயே வராதவர் வீடுகளுக்கும் போனார். சில வீடுகளுக்கு நான்கைந்து முறை.

அவர் கொண்டுவந்த கணக்கு: பம்புத் தண்ணீர் குடித்தவர்கள் 137 பேர், அதில் 80 பேருக்குக் காலரா. குடிக்காதவர்கள் 297 பேர், அதில் 20 பேருக்குக் காலரா. குடித்தவர்களில் நூற்றுக்கு 58. குடிக்காதவர்களில் நூற்றுக்கு ஏழுக்கும் கீழே.

அவள் வரைந்திருந்த கட்டங்களின் பக்கத்தில் புதிதாக நான்கு கட்டம் வரைந்து, 80, 57, 20, 277 என்று நிரப்பினேன். இது என் வெற்றி என்றுதான் அப்போது நினைத்தேன். "இதுதான் சான்று. ஒப்பீட்டுக் குழு வந்த பிறகுதான் இது அறிவியல்."

"ஒப்புக்கொள்கிறேன்," என்றாள், சுலபமாக. எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் சுலபமாக ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை. "இப்போது நீ சொல். 'குடித்தீர்களா' என்று ஒரே முறை கேட்டு வாங்கிய பதிலாக இருந்தால் இந்த 297-ஐ நம்புவாயா?"

நம்பமாட்டேன். பம்பின் மேல் பழி விழுந்த பிறகு கேட்கிறார்கள். வீட்டில் சாவு விழுந்தவர், ஆமாம் அன்றைக்குக் குடித்தோமே என்று தேடித் தேடி நினைவுபடுத்துவார். நோய் வராதவருக்கு அப்படி யோசிக்க அவசியமே இல்லை. 'இல்லை' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். அப்படி நடந்திருந்தால் 58-க்கும் ஏழுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு வெறும் ஞாபகத்தின் வித்தியாசம். இதைக் கழிக்க என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. நோயே வராதவர் வீட்டு வாசலிலும் நின்று அதே அளவு பொறுமையாகக் கேட்கிற ஆள்தான் வேண்டும். அதுவும் 'குடிக்கவில்லை' என்ற பதில் வந்தால் மகிழ்கிற ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. வைட்ஹெட் அப்படிப்பட்டவர்.

எப்படித் தொடங்கியது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். சாவுப் பதிவேட்டில் பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டுக் குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கில் இறந்ததாக இருந்தது. நோய் தொடங்கிய தேதி, தெருவில் காலரா வெடிப்பதற்குச் சில நாட்கள் முன்பு. தாயிடம் போய்க் கேட்டார். குழந்தையின் துணி அலசிய தண்ணீரை வீட்டின் முன்புறக் கழிவுக்குழியில் ஊற்றியதாகச் சொன்னாள். 1855-இல் தோண்டிப் பார்த்தார்கள். குழிக்கும் பம்பின் கிணற்றுக்கும் இடைவெளி மூன்றடிகூட இல்லை. செங்கல் கட்டு இற்றுப்போய்க் கசிந்திருந்தது.

இதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் அறிக்கைக்காக என் செல்ல அட்டவணையை, அந்த 315-ஐயும் 37-ஐயும், மூலத்தில் போய் வரி வரியாகப் பார்த்தேன். 40,046 வீடுகள் என்பது இரண்டு குழாய்களும் சேர்ந்து ஓடிய தெருக்களின் கணக்கு இல்லை. அந்தக் கம்பெனி மொத்தமாகத் தண்ணீர் கொடுத்த வீடுகளின் கணக்கு. அது தனியாக ஆண்ட வட்டாரங்களும் அதில் சேரும். அப்படியானால் 'ஒரே தெரு, ஒரே காற்று' என்று நான் முழங்கியது அந்த அட்டவணைக்கு அப்படியே பொருந்தாது. முடிவு மாறாது என்பதே என் எண்ணம். வித்தியாசம் அவ்வளவு பெரியது. ஆனால் எட்டு மடங்கு என்ற எண்ணின் மேல் நான் வைத்திருந்த விசுவாசத்துக்கு, வகுக்க எடுத்த அந்த வீட்டு எண்ணிக்கை தகுதியானது இல்லை.

இதை அவளிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் எண்களின் பக்கம் போக மாட்டாள். ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு மறுநாள் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து சொந்த ஆய்வின் குறிப்பேட்டை எடுத்தாள். படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்பது அவள் தலைப்பு. நிறுத்தியவர்கள் பத்தொன்பது பேரிடம் மணிக்கணக்கில் பேசியிருந்தாள். பெரும்பாலானவர்கள் தனிமையைச் சொல்லியிருந்தார்கள். யாரிடமும் பேச முடியவில்லை, வகுப்பில் ஒட்டவில்லை என்று.

"நிறுத்தாமல் தொடர்ந்தவர்களிடம் கேட்டாயா?" என்றேன்.

"இல்லை. நீ நான்கு கட்டம் வரைய வைத்ததிலிருந்து தூக்கம் இல்லை. அவர்களும் இதையே சொன்னால்?"

அறிக்கையில் 'அறிவியல்பூர்வமாக' என்ற சொல் கடைசியில் எங்கேயும் வரவில்லை. அதற்காக மதிப்பெண் குறைக்கப்பட்டதா என்று தெரியாது. குறைந்தது என்னவோ உண்மை. முடிவுரை தெளிவாக இல்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்த வாரம் நான் என் ஆய்வேட்டுக்கான கருத்துக்கணிப்புக் கோப்பைத் திறந்தேன். கேள்விகளுக்கு 'ஆம்', 'இல்லை', 'தெரியாது' என்று மூன்று பதில்கள். பகுப்பாய்வு சுலபமாக இருக்கட்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே 'தெரியாது' எல்லாவற்றையும் 'இல்லை'யோடு சேர்த்து 0 ஆக்கியிருந்தேன். ஸ்நோ தகவல் கிடைக்காத ஆறு பேரை, குடிக்கவில்லை என்ற ஆறு பேரோடு சேர்த்துப் பன்னிரண்டு என்று எழுதவில்லை. இரண்டு ஆறையும் தனித்தனியாகவே எழுதியிருந்தார்.

மூல விடைத்தாள்கள் அலமாரியில் கட்டாக இருந்தன. கட்டைப் பிரித்து, 'தெரியாது' என்றவர்களின் எண்களை மட்டும் தனித்தாளில் எழுத ஆரம்பித்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து, படிப்பைத் தொடர்ந்தவர்கள் யார் யாரைப் பார்க்கலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"முதலில் என்ன கேட்பாய்?" என்றேன்.

"தனிமையைப் பற்றிக் கேட்க மாட்டேன். அவர்களாகச் சொல்கிறார்களா என்று பார்ப்பேன்," என்றாள். "நீ?"

"ஏன் தெரியாது என்றீர்கள் என்று."